வாட்டர்லைனில் மை: வீட்டுக் கண்மையா, கடைப் பென்சிலா? ஒரு முழுமையான வழிகாட்டி

கண்மை பற்றிய பேச்சு வீட்டில் எழுந்தால் பெரும்பாலும் இரண்டு கட்சிதான். "அந்தக் காலத்துல நாங்க எல்லாரும் விளக்குக் கரியிலதான் மை போட்டோம், யாருக்கு என்ன ஆச்சு?" என்பது ஒரு கட்சி. "அதெல்லாம் அழுக்கு, நல்ல கம்பெனி பென்சில் வாங்கு" என்பது இன்னொன்று. இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. இருவருமே விட்டுவிடும் விஷயம், மை எந்த இடத்தில் படுகிறது என்பது. அதே மை இமை முடிக்கு வெளியே இருந்தால் ஒரு கணக்கு, உள்ளே ஈரமான ஓரத்தில் இருந்தால் வேறு கணக்கு. அதனால் இடத்திலிருந்து தொடங்கி, கருப்பு நிறம் எதிலிருந்து வருகிறது என்று பார்த்து, அப்புறம் செய்வது, வாங்குவது, போடுவது, கழற்றுவது என்று போகலாம்.

படி 1: வாட்டர்லைனை முதலில் கண்ணாடியில் பாருங்கள்

வெளிச்சமான இடத்தில் நின்று கீழிமையை விரலால் மெல்லக் கீழே இழுங்கள். இமை முடிகள் முளைக்கும் வரிசை தெரியும். அதற்கும் கண்விழிக்கும் நடுவே, சுமார் இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் இளஞ்சிவப்பாக, ஈரமாக ஒரு மேடை போலத் தெரிவதுதான் வாட்டர்லைன். உற்றுப் பார்த்தால் அதில், முடி வரிசைக்குச் சற்றுப் பின்னால், ஊசிமுனை அளவுப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். மெய்போமியன் சுரப்பிகள் என்ற எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்கள் அவை. மேலிமையில் 25 முதல் 40 வரை, கீழிமையில் 20 முதல் 30 வரை இருக்கும். ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இவற்றிலிருந்து துளி எண்ணெய் வெளியேறிக் கண்ணீரின் மேல் மெல்லிய படலமாகப் பரவுகிறது. அந்தப் படலம்தான் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் காக்கிறது.

வாட்டர்லைனில் மை தீட்டும்போது நாம் மூடுவது இந்த வாய்களைத்தான். மையில் மெழுகு இருக்கும், அது சுரப்பியின் எண்ணெயோடு சேர்ந்து கெட்டியாகி வாயில் அடைப்பாக உட்காரும். ஒரு நாள் போட்டு அன்றிரவே துடைத்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. தினமும் போட்டு, பாதி மை அப்படியே இருக்கத் தூங்கினால், மெதுவாகக் கண் வறட்சி, எரிச்சல், அடிக்கடி கண்கட்டி என்று போய் முடியும்.

இன்னொரு விஷயமும் கண்ணாடியிலேயே தெரியும். கீழிமையின் உள்மூலையில், மூக்கை ஒட்டிய பக்கம், சின்னதாக ஒரு துளை இருக்கும். கண்ணீர் அதன் வழியாக மூக்குக்குள் இறங்கித் தொண்டைக்குப் போகிறது. கண்ணில் சொட்டு மருந்து விட்டால் வாயில் கசக்குமே, அதற்குக் காரணம் இதுதான். வாட்டர்லைனில் போட்ட மையில் ஒரு பகுதியும் இதே பாதையில் வயிற்றுக்குப் போகிறது. மையில் ஈயம் இருந்தால் அது உடம்புக்குள் செல்லும் முக்கிய வழிகளில் இது ஒன்று. கண்ணைக் கசக்கிய விரல் வாய்க்குப் போவது இன்னொன்று.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 2015-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வு இதை அளந்து பார்த்தது. மினுமினுப்புத் துகள் கலந்த ஐலைனரை ஒருமுறை முடி வரிசைக்கு வெளியேயும், ஒருமுறை உள்ளே வாட்டர்லைனிலும் போட்டு, கண்ணீரில் எவ்வளவு துகள் மிதக்கிறது என்று படம் பிடித்தார்கள். உள்ளே போட்டபோது ஐந்தே நிமிடத்தில் 15 முதல் 30 சதவீதம் வரை அதிகத் துகள்கள் கண்ணீருக்குள் போயிருந்தன. ஒன்றிரண்டு மணி நேரத்தில் அவற்றில் பெரும்பகுதி வெளியேறிவிட்டது. விலை கொடுத்து வாங்கிய ஐலைனரே இப்படித்தான் நடந்துகொண்டது என்பதைக் கவனியுங்கள். உள்ளே போட்டால் உள்ளேதான் போகும்.

படி 2: உங்கள் கையிலிருக்கும் கருப்பு எது?

"கண்மை" என்று விற்கப்படுவதிலும் வீட்டில் இருப்பதிலும் மூன்று வெவ்வேறு கருப்புகள் உண்டு. இவற்றை ஒன்றாகப் போட்டுப் பேசுவதால்தான் பாதிக் குழப்பம்.

முதலாவது, விளக்கில் பிடித்த கரி. நம் வீடுகளில் விளக்கெண்ணெய் விளக்கின் மேல் தட்டைக் கவிழ்த்துச் சேர்க்கும் மை இதுதான். இதில் ஈயம் சேர இயல்பான காரணம் எதுவும் இல்லை. சேர்ந்தால் பாத்திரத்திலிருந்துதான் சேர வேண்டும். இதன் பிரச்சினைகள் வேறு, அவற்றை அடுத்த படியில் பார்ப்போம்.

இரண்டாவது, அரைத்த கனிமக் கல். சுர்மா, கோல் என்ற பெயர்களில் பொடியாகவோ கல்லாகவோ கிடைக்கும் பலவற்றின் அடிப்படை கலீனா என்ற கனிமம். அது ஈய சல்பைடு. தூய கலீனாவின் எடையில் சுமார் 86 சதவீதம் ஈயம்தான். ஊருக்குப் போனவர்கள், புனிதப் பயணம் சென்றவர்கள் வாங்கி வந்த பரிசாக வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் இந்த வகை.

மூன்றாவது, தொழிற்சாலையில் தயாராகும் நிறமி. பென்சில்களில் இருப்பது கருப்பு இரும்பு ஆக்சைடு அல்லது சுத்திகரித்த கார்பன் பிளாக்.

ஈயத்தின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இவற்றுக்கு நடுவே உள்ள தூரம் புரியும். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஒரு நாளைக்குப் பத்து மில்லிகிராம் மை போடுவதாக வைத்துக்கொள்வோம். இந்திய விதிப்படி ஒப்பனைப் பொருளில் சேர்க்கும் நிறமியில் ஈயம் பத்து லட்சத்தில் 20 பங்கைத் தாண்டக் கூடாது. பென்சில் முழுவதுமே நிறமி, அதுவும் வரம்பைத் தொடும் அளவுக்கு மோசமானது என்று எடுத்துக்கொண்டாலும், பத்து மில்லிகிராமில் 0.2 மைக்ரோகிராம் ஈயம்தான் வரும். அதே பத்து மில்லிகிராம், 80 சதவீதம் ஈயம் உள்ள சுர்மாவாக இருந்தால் 8 மில்லிகிராம், அதாவது 8,000 மைக்ரோகிராம். நாற்பதாயிரம் மடங்கு. இதில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் வயிற்றுக்குப் போனாலும் 80 மைக்ரோகிராம். சின்னக் குழந்தைகளுக்கு உணவு வழியாக ஒரு நாளில் சேரும் ஈயத்துக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வைத்திருக்கும் ஒப்பீட்டு அளவு 2.2 மைக்ரோகிராம்.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. 2011-ல் பாஸ்டன் நகரில் ஆறு மாதக் குழந்தை ஒன்றின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 13 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது தெரிந்தது. வீட்டில் தேடியபோது நைஜீரியாவிலிருந்து வந்த "டிரோ" என்ற கண்மை சிக்கியது. சோதித்ததில் அதில் 82.6 சதவீதம் ஈயம். இன்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் குழந்தைகளின் ரத்தத்தில் 3.5 மைக்ரோகிராமைத் தொட்டாலே கவனிக்கச் சொல்கிறது.

சரி, வீட்டில் இருக்கும் பொடி எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது? உலர்ந்த பொடியாக இருந்தால் ஒரு சிட்டிகையை ஒரு டம்ளர் தண்ணீரின் மேல் தூவுங்கள். விளக்குக் கரி தண்ணீரில் ஒட்டாமல் மேலேயே மிதக்கும். கலீனா தண்ணீரை விட ஏழு மடங்குக்கு மேல் கனமானது, கரகரவென்று அரைத்திருந்தால் உடனே அடியில் போய்ப் படியும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் உலோகப் பளபளப்போடு சாம்பல் கருப்பாகவும் தெரியும். மூழ்கினாலோ மின்னினாலோ கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். ஆனால் இந்தச் சோதனைக்கு ஒரு பக்கம்தான் உண்டு. மிதந்துவிட்டது என்பதற்காக ஈயம் இல்லை என்று ஆகாது. மிக நைஸாக அரைத்த பொடி கொஞ்ச நேரம் மேலேயே நிற்கும், கரியோடு கலந்தும் விற்கிறார்கள், எண்ணெயில் குழைத்த மையில் இந்தச் சோதனையே செல்லாது. உறுதியாகச் சொல்ல ஆய்வகம்தான் வேண்டும். பெயர், முகவரி, லேபிள் எதுவும் இல்லாத பொடிக்காக அவ்வளவு தூரம் போவதை விட அதைத் தூக்கிப் போடுவதே மேல் என்பது என் கருத்து.

படி 3: வீட்டில் செய்வதானால்

விளக்குக் கரி மையில் கவனிக்க வேண்டியவை மூன்று: சரியாக எரியாத புகை, உறுத்தும் துகள், கிருமி.

எண்ணெய் முழுமையாக எரியாதபோது வரும் புகையில் பாலிசைக்ளிக் அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்கள் என்ற பொருள்கள் கரியோடு ஒட்டி வரும். இவற்றில் பென்சோபைரீன் போன்ற சில, புற்றுநோயோடு தொடர்புள்ளவை. தொழிற்சாலைக் கார்பன் பிளாக்கும் எண்ணெயை எரித்துத்தான் வருகிறது. வித்தியாசம், அதைச் சோதிக்கிறார்கள். ஐரோப்பிய விதியில் ஒப்பனைக்கான கார்பன் பிளாக்கில் பென்சோபைரீன் நூறு கோடியில் 5 பங்கைத் தாண்டக் கூடாது. அமெரிக்காவில் கண் ஒப்பனைக்கு அனுமதி பெற்றதும் இப்படிச் சுத்தத்துக்கு வரம்பு வைத்த வகைதான், விளக்குக் கரி அந்தப் பட்டியலில் இல்லை. வீட்டு விளக்கின் கரியில் எவ்வளவு இருக்கும் என்பது எண்ணெய், திரி, காற்று, தட்டின் உயரம் எல்லாவற்றையும் பொறுத்து ஒவ்வொரு முறையும் மாறும். எப்போதாவது வெளியே ஒரு கோடு இழுப்பதற்கு இதை நினைத்து யாரும் தூக்கம் கெட வேண்டியதில்லை. தினமும் கண்ணீரில் கரைய விடுவதற்குத்தான் எனக்கு மனசு ஒப்பவில்லை.

செய்முறைக்கு வருவோம். எவர்சில்வர் தட்டையே எடுங்கள். வெள்ளீயம் பூசிய பழைய பித்தளைத் தட்டு வேண்டாம். அந்தப் பூச்சில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு, தீயின் மேல் வைத்தால் அது உருகவும் கூடும். தட்டை வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, முழுக்க உலர விடுங்கள். அகல் விளக்கில் சுத்தமான விளக்கெண்ணெய், சாயம் இல்லாத பஞ்சுத் திரி. இருபுறமும் டம்ளர் வைத்து, சுடரின் நுனி தட்டைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி தட்டைக் கவிழ்க்க வேண்டும். சுடரின் நடுவிலேயே தட்டை வைத்து அமுக்கினால் கரி வேகமாகச் சேரும், ஆனால் அரைகுறையாக எரிந்த பிசினும் சேர்ந்தே வரும். நல்ல கரி உலர்ந்து, பஞ்சு போல, ஊதினால் பறக்கும்படி இருக்கும். பழுப்பு கலந்து பிசுபிசுவென்று வந்தால் அந்தத் தடவை செய்ததைக் கண்ணுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

திரியைக் கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்துக் காயவைத்து எரிப்பது நம் பக்கத்தில் பழக்கம். மணமும் நினைவும் இருக்கலாம், அதைக் கெடுக்க நான் வரவில்லை. ஆனால் இலையின் சாறு தீயில் எரிந்தபின் மிஞ்சுவது கரியும் சாம்பலும்தான், மூலிகைக் குணம் புகையேறித் தட்டில் ஒட்டாது. செடிச் சாம்பல் காரத்தன்மை கொண்டது என்பதால், சாறு அதிகம் ஏறிய திரியிலிருந்து சாம்பல் துகள் கலந்தால் கண் எரியும். "மை போட்டால் கண்ணில் தண்ணீர் வந்து அழுக்கெல்லாம் வெளியேறும், குளிர்ச்சி" என்று சொல்வார்களே, அந்தத் தண்ணீர் பெரும்பாலும் எரிச்சலுக்குக் கண் தரும் பதில். கற்பூரத்தைக் குழைப்பதும் அப்படியே, ஜில்லென்று இருப்பதுபோல் தோன்றும், உண்மையில் உறுத்துகிறது. கற்பூரத்தை விட்டுவிடுங்கள்.

தட்டு ஆறியபின், மேலே தளர்வாக இருக்கும் கரியை மட்டும் சுத்தமான காகித ஓரத்தால் வழித்தெடுங்கள். கத்தியால் சுரண்டினால் தட்டோடு ஒட்டிய கெட்டிச் செதில்களும் வரும், அவைதான் பின்னால் விழியைக் கீறும். குழைப்பதற்கு நெய்யை விட விளக்கெண்ணெய் நல்லது. நெய்யில் கொஞ்சம் ஈரமும் பால் கசடும் தங்கியிருக்கும், சீக்கிரம் சிக்கு வாசனை வரும். ஒரு சொட்டு எண்ணெயில் தொடங்கி, கரண்டியின் பின்பக்கத்தால் நன்றாக அரைத்துக் குழையுங்கள். பிறகு துளி எடுத்து இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பாருங்கள். கரகர சத்தம் கேட்டாலோ கண்ணாடி தடைபட்டு நகர்ந்தாலோ இன்னும் அரைக்க வேண்டும், அரைத்தும் போகாவிட்டால் அது சாம்பல்.

கிருமி விஷயத்தில் ஒரு நல்ல செய்தி, ஒரு கெட்ட செய்தி. தண்ணீரே இல்லாத எண்ணெய் மையில் கிருமி எளிதில் பெருகாது. ஆனால் கடை மையில் இருப்பதுபோலக் கிருமியைத் தடுக்கும் பொருள் எதுவும் இதில் இல்லை, ஆகவே ஈரவிரலால் தொட்ட அன்றே அந்தப் பாதுகாப்பு போய்விடும். மூடியுள்ள சின்ன எவர்சில்வர் சிமிழைக் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு, ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்தி, இரண்டு வாரத்துக்குத் தேவையான அளவு மட்டும் செய்யுங்கள். எடுப்பதற்கு ஒவ்வொரு முறையும் புது காட்டன் பட்ஸ். பாட்டி, அம்மா, பெண் மூவரும் ஒரே சிமிழில் விரல் விடும் பழக்கம் பார்க்க அழகாக இருந்தாலும், ஒருவரின் கண்வலி மூவருக்கும் வருவது அந்த வழியில்தான்.

இவ்வளவும் செய்த பிறகும் இந்த மையை முடி வரிசைக்கு வெளியே மட்டுமே போடச் சொல்வேன். சோதிக்க முடியாத ஒன்றுக்கு அதுவே சரியான இடம்.

படி 4: கடையில் வாங்கும்போது லேபிளைத் திருப்புங்கள்

முன்பக்கம் எழுதியிருக்கும் "இயற்கை", "மூலிகை" போன்றவை மையின் பாதுகாப்பைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. பின்பக்கம்தான் விஷயம். இந்தியாவின் 2020 ஒப்பனைப் பொருள் விதிகளின்படி தயாரிப்பாளர் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண், எப்போதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதி, சேர்பொருள் பட்டியல் ஆகியவை இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்ததானால் இறக்குமதி செய்தவரின் பெயரும் பதிவுச் சான்றிதழ் எண்ணும் இருக்கும். ஈயச் சேர்மத்தை நிறத்துக்காகச் சேர்ப்பதற்கு இங்கே தடை உண்டு. ஆனால் அந்தத் தடை உரிமம் பெற்றுச் செய்பவரைத்தான் கட்டுப்படுத்தும், திருவிழாக் கடையில் பெயரில்லாத டப்பியில் வருவதை அல்ல.

பட்டியலில் கருப்பைத் தேடுங்கள். CI 77499 என்றால் இரும்பு ஆக்சைடு. CI 77266 என்றால் கார்பன் பிளாக். இரண்டும் வழக்கமானவை, எனக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இரும்பு ஆக்சைடு, புகைக்கரியோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. அதன் கருப்பு கொஞ்சம் மங்கல்தான், ஒத்துக்கொள்கிறேன்.

வாட்டர்ப்ரூஃப், பதினாறு மணி நேரம் அழியாதது என்பவற்றில்தான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அந்தப் பென்சிலில் சீக்கிரம் ஆவியாகும் ஒரு கரைப்பானும், அது போனபின் இறுகிப் பிடிக்கும் மெழுகும் பிசினும் இருக்கும். தோலில் இது வசதி. சுரப்பி வாயின் மேல் இதே இறுக்கம் மூடி போட்டதுபோல ஆகிவிடும். கழற்றவும் அழுத்தித் தேய்க்க வேண்டியிருக்கும். வாட்டர்லைனில் போட்டே தீருவேன் என்பவர்களுக்கு, அழியும் பென்சில்தான் நல்ல பென்சில் என்று சொன்னால் விற்பவர்கள் சிரிப்பார்கள், ஆனாலும் அதுதான் என் பரிந்துரை.

திருகினால் வெளியே வரும் வகையா, சீவும் வகையா என்பதிலும் ஒரு வித்தியாசம் உண்டு. சீவும் பென்சிலில் ஒவ்வொரு முறையும் மேல் அடுக்கை நீக்கிப் புது நுனி கொண்டுவரலாம். திருகு வகையில் கண்ணைத் தொட்ட அதே நுனிதான் திரும்பத் திரும்ப வரும், டிஷ்யூவில் துடைக்க மட்டுமே முடியும். சீவும் வகையில் மரச் சிலும்பு நுனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். திறந்த டப்பா படத்துக்குள் 12M என்றிருந்தால் திறந்ததிலிருந்து பன்னிரண்டு மாதம். திறந்த தேதியைப் பென்சிலிலேயே ஒரு துண்டு டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

படி 5: போடும் விதம்

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பென்சில் நுனியை டிஷ்யூவில் துடைத்து, புறங்கையில் இரண்டு கோடு இழுத்தால் மெழுகு மிருதுவாகிவிடும். தீக்குச்சியில் காட்டிச் சூடாக்குவதும் நாக்கில் தொட்டு நனைப்பதும் கூடாது. சூட்டில் நுனி கொப்பளித்து உதிரும், வாயில் இருக்கும் கிருமிக்குக் கண் பழக்கப்பட்ட இடம் அல்ல.

இமை முடிகளின் வேருக்கு வெளியே, தோலின் மேல், சின்னச் சின்னப் புள்ளிகளாக வைத்துப் பிறகு இணைத்தால் கோடு முடியோடு ஒட்டியே தெரியும். உள்மூலையில் மூன்று, நான்கு மில்லிமீட்டர் விட்டுவிடுங்கள், கண்ணீர்த் துளை அங்கேதான் இருக்கிறது. வெளியிலிருந்து மேல் முடிகளின் இடைவெளியை நிரப்பினாலே கண் வாட்டர்லைனில் மை போட்டதற்குக் கிட்டத்தட்டச் சமமாக அடர்த்தியாகத் தெரியும்.

கல்யாணம், நாட்டியம் என்று உள்ளே போட்டே ஆக வேண்டிய நாள் வந்தால், லேபிள் உள்ள மிருதுவான பென்சிலால் ஒரே ஒரு மெல்லிய கோடு, அன்றிரவே கழற்றுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் அழிந்தால் மேலே மேலே ஏற்றாதீர்கள். காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் அந்த ஒரு நாளும் வேண்டாம். மற்ற நாள்களில் லென்ஸை முதலில் போட்டு அப்புறம் மை, இரவில் முதலில் லென்ஸை எடுத்து அப்புறம் மையைக் கழற்றுவது. கண் அறுவைச் சிகிச்சை செய்தவர்கள், கண்வலியோ கண்கட்டியோ இருப்பவர்கள் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை எந்த மையும் போடக் கூடாது.

குழந்தைக்கு? கண்ணுக்குள்ளும் இமையிலும் எதுவும் வேண்டாம். மை போட்டால் கண் பெரிதாகாது, பார்வையும் கூடாது. விரல் நகம் விழியில் படுவதும், குழந்தை கண்ணைக் கசக்கி அதே கையை வாயில் வைப்பதும் நிச்சயம் நடக்கும். திருஷ்டிப் பொட்டு வைத்தே ஆக வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னால், லேபிள் உள்ள மையில் காதுக்குப் பின்னால் ஒரு புள்ளி வையுங்கள். உள்ளங்காலில் வைத்தால் ஆறு மாதக் குழந்தை காலைத் தூக்கி வாயில் வைத்துக்கொள்ளும்.

படி 6: கழற்றுவது

சோப்பும் தண்ணீரும் மெழுகை எடுக்காது, கண்ணைத்தான் எரிக்கும். எண்ணெய் அடிப்படையிலான ரிமூவரைப் பஞ்சில் நனைத்து, மூடிய கண்ணின் மேல் அரை நிமிடம் வைத்திருந்து, பிறகு மூக்கிலிருந்து காது பக்கமாக மெல்லத் துடையுங்கள். முடி வேரில் தங்கியதை நனைந்த காட்டன் பட்ஸால் எடுக்கலாம். வாட்டர்லைனை அழுத்தித் தேய்க்க வேண்டாம். கடைசியில் வெறும் தண்ணீரில் முகம் கழுவிவிடுங்கள். மறுநாள் காலை உள்மூலையில் கருப்பாகப் பீளை இருந்தால், முந்தின இரவு முழுசாகப் போகவில்லை என்று அர்த்தம்.

படி 7: பிரச்சினை மையாலா என்று கண்டுபிடிப்பது

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். முப்பது வயதுப் பெண், நாள் முழுவதும் கணினி முன் வேலை, மேலும் கீழும் வாட்டர்லைனில் வாட்டர்ப்ரூஃப் பென்சில். மாலையானால் எழுத்து மங்குகிறது, மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது, இந்த வருஷத்தில் இரண்டு முறை கண்கட்டி வந்துவிட்டது. பவர் மாறிவிட்டதோ என்று கண்ணாடிக் கடைக்குப் போகத் தோன்றும். அதற்கு முன் ஒன்றைப் பார்க்கலாம்: மங்கும்போது நன்றாக இரண்டு முறை இமைத்தால் தெளிந்து, சில நொடியில் மறுபடி மங்குகிறதா? அப்படியானால் சந்தேகம் கண்ணீர்ப் படலத்தின் மேல் விழ வேண்டும்.

அடுத்து, மையை முழுக்கக் கழற்றிவிட்டுப் படி 1-ல் சொன்னதுபோல் இமை ஓரத்தைப் பார்க்க வேண்டும். புள்ளிகளின் மேல் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ மெழுகு மொட்டுப் போலத் தெரிந்தால், ஓரம் சிவந்து தடித்திருந்தால், சுரப்பி அடைபட்டிருக்கலாம். இரண்டு வாரம் கண் ஒப்பனையை முழுக்க நிறுத்திவிட்டு, காலையும் இரவும் வெதுவெதுப்பான சுத்தத் துணியை மூடிய இமையில் ஐந்து முதல் பத்து நிமிடம் வைக்க வேண்டும். துணி சீக்கிரம் ஆறிவிடும் என்பதால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி நனைக்கணும். கை பொறுக்கும் சூட்டுக்கும் சற்றுக் குறைவாகவே இருக்கட்டும். பிறகு இமை ஓரத்தை மெல்லத் துடைத்துவிடலாம்.

இரண்டு வாரத்தில் தெளிவாகக் குறைந்தால் மைக்கு அதில் பங்கு இருந்திருக்க வாய்ப்பு அதிகம். புதுப் பென்சிலோடு, கோட்டை வெளியே மட்டும் போட்டு மறுபடி தொடங்கலாம்; உறுத்தல் திரும்பாவிட்டால் பழைய பிரச்சினை இடத்தால் வந்தது, திரும்பினால் பென்சிலில் உள்ள ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ளாததற்கு அடையாளம், இமைத் தோலே அரித்துச் சிவந்து செதில் உரிவது. இரண்டு வாரத்தில் ஒரு மாற்றமும் இல்லை என்றால் கண் மருத்துவரிடம் போக வேண்டும், கணினியும் ஏசியும் தைராய்டும்கூடக் கண்ணை உலர்த்தும்.

இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. கண்ணில் வலி, வெளிச்சம் பார்க்கக் கூசுவது, இமைத்தும் தெளியாத மங்கல், பச்சையாகவோ மஞ்சளாகவோ சீழ், விழியின் மேல் வெள்ளைப் புள்ளி, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், லென்ஸைக் கழற்றிவிட்டு அதன் டப்பாவோடு கையில் எடுத்துச் செல்லுங்கள். போட்ட மையையும் கூடவே கொண்டுபோங்கள். சுர்மாவோ லேபிள் இல்லாத மையோ குழந்தைக்குப் போட்டிருந்தால், குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் மருத்துவரிடம் சொல்லி ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஈயம் சேர்வது வெளியே தெரியாது, சோதனையில்தான் தெரியும்.